ஐந்து ஆப்ஷனையும் முழுசாக வகையிட வேண்டாம்

*ஐயா, நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ப்ளஸ் டூ படிக்கிறேன். வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், டியூஷனில் மலையாளம். கேரள என்ட்ரன்ஸ் எழுதப்போகிறேன். இன்டக்ரேஷன் கணக்கு ஒன்றுக்கே நாலைந்து நிமிஷம் போகிறது. கஷ்டப்பட்டுப் போட்டாலும் என் விடை ஆப்ஷனில் இருக்கிற மாதிரி வருவதில்லை. "ஆப்ஷனை டிஃபரன்ஷியேட் பண்ணிப் பார்" என்று கூடப் படிக்கிறவன் சொன்னான். அஞ்சையும் பண்ணிப் பார்த்தால் அதற்கு இன்னும் அதிக நேரம் ஆகிறது. இது நிஜமாகவே சுருக்கு வழிதானா? எந்தக் கணக்குக்குச் சரிவரும், எதற்கு வராது?*

தம்பி, உங்கள் நண்பர் சொன்னது சரிதான், ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஆப்ஷனை வகையிடுவதில் நேரம் போவதில்லை. வகையிட்டு வந்ததைச் சுருக்கி, பொதுப் பகுதி எடுத்து, கேள்வியில் இருக்கும் உருவத்துக்குக் கொண்டுவருவதில்தான் போகிறது. அந்த வேலையே உங்களுக்குத் தேவையில்லை. ஆப்ஷனின் வகையீடு கேள்வியிலுள்ள கோவைக்குச் சமம் என்றால், x-க்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இரண்டும் ஒரே எண்ணைத் தர வேண்டும். ஆகவே வசதியான ஒரு x-ஐ எடுத்து அந்த எண்ணை மட்டும் பாருங்கள். முன்பெல்லாம் வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் சரக்கு லாரியை முழுசாக இறக்கிப் பார்க்கமாட்டார்கள், ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். பில்லில் நெல் என்று எழுதியிருந்து மூட்டைக்குள் தேங்காய் இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

கேரள என்ட்ரன்ஸில் 180 நிமிடத்துக்கு 150 கேள்வி, அதில் 75 கணக்கு. சராசரியாக ஒரு கேள்விக்கு 72 வினாடி. கீழே சொல்லும் எதுவும் அந்த 72 வினாடிக்குள் அடங்க வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

```
∫ (x⁴ − 4) / ( x² √(x⁴ + 3x² + 4) ) dx

(அ)  √(x⁴ + 3x² + 4) + C
(ஆ)  √(x⁴ + 3x² + 4) / x + C
(இ)  √(x⁴ + 3x² + 4) / x² + C
(ஈ)  x √(x⁴ + 3x² + 4) + C
(உ)  √(x⁴ + 3x² + 4) / (2x) + C
```

நேராகத் தொகையிட ஒரு வழி இருக்கிறது. வர்க்கமூலத்துக்குள்ளிருந்து x²-ஐ வெளியே எடுத்து, x² + 3 + 4/x² என்பதை t என்று வைத்தால் எல்லாம் அழகாக விழும். அந்த யோசனை பத்து வினாடியில் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் நான்கு நிமிடம் உட்கார்ந்தாலும் வராது. உங்கள் நேரம் போவது இங்கேதான்.

இப்போது ஆப்ஷன்களைப் பாருங்கள். ஐந்திலும் ஒரே வர்க்கமூலம் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் சிறு கோவை மட்டும்தான் மாறுகிறது. வர்க்கமூலத்துக்குள் இருப்பதை R என்றும், முன்னால் நிற்பதை h என்றும் வைத்துக்கொண்டால் ஐந்தும் h√R என்ற ஒரே சாயல். அதை ஒரே ஒரு தடவை வகையிடுங்கள்:

```
(h√R)′ = ( h·R′/2 + h′·R ) / √R
```

கேள்வியின் பகுதியிலும் √R இருக்கிறது. இரண்டு பக்கமும் அதை அடித்துவிட்டால், நாம் பார்க்க வேண்டியது h·R′/2 + h′·R என்பது (x⁴ − 4)/x² ஆகிறதா என்பது மட்டும்தான். R′/2 = 2x³ + 3x. இனி x = 1 போடுங்கள். R = 8, R′/2 = 5, வரவேண்டிய எண் −3. அதாவது ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் 5h + 8h′ என்ன என்று பார்த்தால் போதும்.

(அ)-வில் h = 1, h′ = 0, ஆகவே 5 வருகிறது, போயிற்று. (ஆ)-வில் h = 1/x; x = 1-இல் அது 1, அதன் வகையீடு −1, ஆகவே 5 − 8 = −3. வரவேண்டியது வந்துவிட்டது. (இ)-யில் வகையீடு −2, ஆகவே 5 − 16 = −11. (ஈ)-யில் 5 + 8 = 13. (உ) என்பது (ஆ)-வில் பாதி, ஆகவே −1.5. மிஞ்சியது (ஆ) மட்டும். √8 எவ்வளவு என்று எங்கேயும் கணக்கிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து ஆப்ஷனுக்கும் சேர்த்து நடந்தது ஒரே ஒரு வகையிடல்.

ஆப்ஷன்கள் இப்படி ஒரே குடும்பமாக இருந்தால், அதாவது எல்லாவற்றிலும் ஒரே √R, அல்லது ஒரே eˣ, அல்லது ஒரே log, வகையிடும் வழிக்குப் போங்கள். கேள்வியைப் படித்ததும் உடனே ஆப்ஷன்களைப் பார்ப்பது இதற்காகத்தான். ஐந்தும் ஐந்து திசையில் இருந்தால் (ஒன்றில் tan⁻¹, ஒன்றில் log, ஒன்றில் வர்க்கமூலம்) பொது வகையிடல் கிடையாது, லாபம் குறையும். ஆனால் அப்படிப்பட்ட கணக்கில் எந்தக் குடும்பம் விடை என்பதைக் கோவையின் உருவமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மேலே உள்ள கணக்கை வகையிடாமலேயே கூட முடித்திருக்கலாம். x மிகப் பெரியதாகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். தொகுதியில் x⁴, பகுதியில் x² பெருக்கல் x². ஆக மொத்தக் கோவை 1-ஐ நெருங்குகிறது. கோவை 1 போல நடந்தால் அதன் தொகையீடு x போல வளர வேண்டும். (அ) x² போல வளர்கிறது, (இ) 1-இலேயே நின்றுவிடுகிறது, (ஈ) x³ போல ஓடுகிறது, (உ) x-இல் பாதி வேகத்தில் போகிறது. (ஆ) ஒன்றுதான் சரியான வேகம். ரஃப் ஷீட்டில் பேனாவே படவில்லை. இந்த வளர்ச்சிச் சோதனை எல்லா நேரமும் ஐந்தில் நான்கைக் கழித்துவிடாது. ஆனால் பத்து வினாடிதான் ஆகும் என்பதால் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் பிறகு எண்ணைப் போடுவது நல்லது.

எந்த x-ஐ எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மேற்படி கணக்கில் x = √2 எடுத்தால் கேள்வியின் கோவை பூஜ்யமாகிறது. "பூஜ்யம் பார்க்கச் சுலபமாயிற்றே" என்று அங்கே போகத் தோன்றும். ஆனால் (ஆ)-வின் வகையீடு அங்கே பூஜ்யமானால், அதன் பாதியான (உ)-வின் வகையீடும் பூஜ்யம்தான். கோவை பூஜ்யமாகிற இடத்தில் நின்று பார்த்தால் 2, 1/2, −1 போன்ற கெழுப் பிழைகள் கண்ணுக்கே தெரியாது. கேள்வி அமைப்பவர்கள் தவறான ஆப்ஷனை உண்டாக்கும் முதல் வழியே சரியான விடையின் கெழுவை மாற்றுவதுதான். ஆகவே பூஜ்யம் வராத இடமாகப் பாருங்கள்.

அதேபோல sin²x, cos²x, sec x போன்றவை நிறைந்த ஆப்ஷன்களுக்கு x = 0 உதவாது. அங்கே அவற்றின் வகையீடெல்லாம் பூஜ்யமாகிவிடும், எல்லா ஆப்ஷனும் ஒன்று போலத் தெரியும். π/4 எடுங்கள். tan 1, sin² ½, sec² 2 என்று எண்களும் கைக்கு அடக்கமாக இருக்கும். log x வரும் கணக்கில் x = 1 எடுத்தால் log பூஜ்யமாகி வேலை குறையும், ஆனால் log-இன் முன்னிருக்கும் கெழுவும் சேர்ந்து மறைந்துவிடக்கூடும். ஆப்ஷன்கள் அந்தக் கெழுவில்தான் வேறுபடுகின்றன என்றால் x = e எடுக்க வேண்டும்.

ஒரு புள்ளி போதாமல் போகும் கணக்கு ஒன்றையும் பார்த்துவிடுவோம்.

```
∫ eˣ (x² + 2x + 2) / (x + 2)² dx

(அ)  eˣ · x/(x + 2) + C
(ஆ)  eˣ · 1/(x + 2) + C
(இ)  eˣ · (x + 1)/(x + 2) + C
(ஈ)  eˣ · 2x/(x + 2)² + C
(உ)  eˣ · (x − 2)/(x + 2) + C
```

இங்கே பொதுச் சாயல் eˣ·g. வகையிட்டால் eˣ(g + g′). eˣ-ஐ அடித்துவிட்டால் g + g′ மட்டும் மிஞ்சும். x = 0 போட்டால் கேள்வியில் 2/4, அதாவது 1/2 வர வேண்டும். (அ)-வில் g பூஜ்யம், g′ = 2/(x + 2)², அது 1/2. சரி. (ஆ)-வில் 1/2 − 1/4 = 1/4, போயிற்று. (இ)-யில் 1/2 + 1/4 = 3/4, போயிற்று. (உ)-வில் −1 + 1 = 0, போயிற்று. (ஈ)-யில் g பூஜ்யம், g′ = 2(2 − x)/(x + 2)³, x = 0-இல் 4/8 = 1/2. இதுவும் சரி!

ஒரு புள்ளியில் பொருந்துவது ஒரு ஆப்ஷன் சரி என்பதற்கு நிரூபணமே ஆகாது. பொருந்தாமல் போவதுதான் நிரூபணம், அது தவறு என்பதற்கு. ஆகவே (அ)-வில் 1/2 வந்ததைப் பார்த்ததும் அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. மற்ற நான்கும் விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் தாவலாம். விழாமல் இரண்டு மிஞ்சினால் அந்த இரண்டுக்கு மட்டும் இன்னொரு புள்ளி. x = 1-இல் கேள்வி 5/9 தருகிறது. (அ): 1/3 + 2/9 = 5/9. (ஈ): 2/9 + 2/27 = 8/27. முடிந்தது.

வளர்ச்சிச் சோதனையும் இதில் உதவியிருக்கும். x பெரியதாகும்போது கேள்வியிலுள்ள பின்னம் 1-ஐ நெருங்குகிறது, ஆகவே g-யும் 1-ஐ நெருங்க வேண்டும். (ஆ)-வும் (ஈ)-யும் பூஜ்யத்துக்குப் போகின்றன, அவை அப்போதே கழிந்திருக்கும். அதற்குப் பிறகு x = 0 போட்டிருந்தால் இந்தச் சமநிலைச் சிக்கலே வந்திருக்காது. இரண்டு சல்லடையும் வெவ்வேறு கண் அளவுள்ளவை, ஒன்றில் தப்புவது மற்றொன்றில் சிக்கும்.

முழுசாக முடிக்க நேரமில்லாவிட்டாலும் கழித்தவரைக்கும் பிரயோஜனம் உண்டு. கேரள என்ட்ரன்ஸில் சரிக்கு 4 மார்க், தவறுக்கு 1 கழிவு, ஆப்ஷன் ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் ஐந்தில் ஒரு தடவை 4 கிடைக்கும், நான்கு தடவை 1 போகும். சராசரி சரியாகப் பூஜ்யம். ஒரே ஒரு ஆப்ஷனைக் கழித்துவிட்டாலே சராசரி கால் மார்க் உங்கள் பக்கம் வரும். மூன்றைக் கழித்து இரண்டில் நிற்கிறீர்கள் என்றால் அது ஒன்றரை மார்க். பத்து வினாடி வளர்ச்சிச் சோதனை இரண்டைக் கழித்துத் தந்தால், மீதியை யோசிக்க நேரமில்லாதபோதும் விட்டுவிட்டுப் போகாமல் ஒன்றைக் குறித்துவிடுவது கணக்குப்படி சரிதான். "இவை எதுவுமில்லை" என்று ஓர் ஆப்ஷன் இருந்தால் மட்டும் இந்தப் பேச்சு மாறும். அப்போது நான்கில் மூன்று விழுந்தாலும் மிஞ்சிய ஒன்று சரி என்று ஆகிவிடாது. அதை இன்னும் ஒன்றிரண்டு புள்ளியில் சோதிக்க வேண்டும், அல்லது உண்மையிலேயே முழுசாக வகையிட வேண்டும்.

இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது. அதில் விடையின் உருவத்தைக் கேள்வியே சொல்லிவிடும், கெழுவை மட்டும் கேட்கும். இதில் தொகையிட முயல்வது நேர விரயம், ஒரு விதிவிலக்கும் கிடையாது.

```
∫ (7 sin x + 4 cos x) / (2 sin x + 3 cos x) dx
    = A x + B log|2 sin x + 3 cos x| + C   எனில்  A + B = ?
```

வலது பக்கத்தை வகையிடுங்கள். A-யும், B பெருக்கல் (2 cos x − 3 sin x)/(2 sin x + 3 cos x)-உம் வரும். பகுதியால் பெருக்கினால் இடது பக்கத் தொகுதிக்குச் சமமாக வேண்டும். sin x-இன் கெழுக்கள் 2A − 3B = 7, cos x-இன் கெழுக்கள் 3A + 2B = 4. தீர்த்தால் A = 2, B = −1. விடை 1. இங்கே நடக்கும் பிழை ஒன்றே ஒன்று: cos x-ஐ வகையிடும்போது வரும் கழித்தல் குறியை விட்டுவிடுவது. விட்டால் 2A + 3B = 7, 3A + 2B = 4 என்று ஆகி A = −2/5, B = 13/5 என்று அசிங்கமான பின்னங்கள் வரும். A-வும் B-யும் இப்படி ஐந்தின் கீழ் பின்னமாக வந்தால் குறியைத் திரும்பப் பாருங்கள்.

உங்கள் விடை ஆப்ஷனில் இல்லாத மாதிரி தெரிவதற்கு வருகிறேன். பல சமயம் நீங்கள் போட்டது சரியாகத்தான் இருந்திருக்கும். ∫ dx/(x(x⁵ + 1)) என்பதற்குப் பகுதிப் பின்னம் வழியாகப் போனால் log|x| − (1/5) log|x⁵ + 1| வரும். ஆப்ஷனில் −(1/5) log|1 + x⁻⁵| என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. x⁵-ஐ log-க்குள் கொண்டுபோய்ப் பார்த்தால் தெரியும். சில நேரம் மாறிலியே வேறுபடும். ∫ tan x sec²x dx-க்கு நீங்கள் tan²x/2 போட்டிருப்பீர்கள், ஆப்ஷன் sec²x/2 என்று சொல்லும். இரண்டுக்கும் வித்தியாசம் 1/2, அது C-க்குள் போய்விடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்கள் விடையும் ஆப்ஷனும் ஒன்றா என்று பார்க்க இரண்டிலும் ஒரே x-ஐப் போட்டு மதிப்பை ஒப்பிடாதீர்கள். π/4-இல் tan²x/2 என்பது 1/2, sec²x/2 என்பது 1. "வேறு வேறு" என்று முடிவுகட்டிச் சரியான விடையைத் தள்ளிவிடுவீர்கள். மதிப்பை ஒப்பிடக் கூடாது, வகையீட்டைத்தான் ஒப்பிட வேண்டும். வகையீடு வேண்டாம் என்றால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை ஒப்பிடலாம். 0-இலிருந்து π/4 வரை இரண்டும் 1/2 தான் கூடுகின்றன.

tan⁻¹ வரும் கணக்குகளில் இன்னொரு சங்கதி. ∫ (x² + 1)/(x⁴ + 1) dx-இன் விடையாகப் புத்தகங்கள் (1/√2) tan⁻¹((x² − 1)/(√2 x)) என்று தரும். x = 0 போட்டுச் சோதிக்கப் போனால் கேள்வியின் கோவை 1 என்று தெளிவாக இருக்கிறது, ஆனால் இந்த ஆப்ஷனுக்கு அங்கே மதிப்பே இல்லை, பகுதியில் x நிற்கிறது. "வரையறுக்கப்படவில்லை, ஆகவே தவறு" என்று பலர் அடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. x > 0 என்ற பக்கத்திலும் x < 0 என்ற பக்கத்திலும் அது சரியான தொகையீடுதான். 0-வைத் தாண்டும் இடத்தில் மட்டும் அதில் ஒரு தாவல் இருக்கிறது. ஆகவே எல்லா ஆப்ஷனுக்கும் மதிப்பு இருக்கிற புள்ளியாக எடுங்கள்.

இதில் x = 1 நல்ல இடம். tan⁻¹-க்குள் இருப்பது அங்கே பூஜ்யமாகிவிடுவதால் 1 + u² என்ற பகுதி வெறும் 1 ஆகிறது. உள்ளே இருப்பதன் வகையீடு (1 + 1/x²)/√2, அது √2. முன்னால் நிற்கும் 1/√2 உடன் பெருக்கினால் 1. கேள்வியிலும் 2/2 = 1. உள்ளே கூட்டலாக (x² + 1)/(√2 x) என்று மாற்றிவைத்த ஆப்ஷன் பூஜ்யம் தந்து விழுந்துவிடும். ஆனால் tan⁻¹(x²) என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் அதுவும் x = 1-இல் 1 தரும், 2x/(1 + x⁴) ஆயிற்றே. 2x-உம் x² + 1-உம் அந்த ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. அதற்கு மட்டும் x = 0 போட்டால் பூஜ்யம் வந்து அதுவும் கழிந்துவிடும். ஒரு ஆப்ஷனுக்கு மட்டும் வேறு புள்ளி எடுக்கக் கூடாது என்று சட்டமில்லை. ஒவ்வொன்றையும் கேள்வியோடுதான் ஒப்பிடுகிறோம், ஒன்றையொன்று அல்ல.

எங்கே இந்த வழி உதவாது? எல்லை போட்ட தொகையீட்டில் அறவே உதவாது. அங்கே ஆப்ஷன்கள் π/4, log 2 போன்ற எண்கள். எண்ணை வகையிட்டால் பூஜ்யம்தான் வரும். பார்த்தவுடன் வாய்பாடு நினைவுக்கு வரும் கணக்குகளிலும் வேண்டாம். ∫ dx/(x² + 2x + 5) என்றால் பகுதியை (x + 1)² + 4 என்று எழுதினால் ½ tan⁻¹((x + 1)/2) என்று பதினைந்து வினாடியில் முடிகிறது. அதற்கு ஆப்ஷனை ஏன் கிளற வேண்டும்? வேண்டுமானால் உங்கள் விடையின் முன்னிருக்கும் ½ சரிதானா என்று x = −1-இல் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். கோவை அங்கே 1/4, விடையின் வகையீடும் ½ × ½ = 1/4. tan⁻¹ கணக்கில் இந்த ½-ஐ மறப்பதும், ¼ என்று போடுவதும்தான் வழக்கமான பிழைகள்.

ப்ளஸ் டூ பொதுத்தேர்விலும் இதை விடையாக எழுத முடியாது. அங்கே விடை மட்டும் எழுதினால் போதாது, வழியும் காட்ட வேண்டும். ஆனால் எழுதி முடித்ததைச் சரிபார்க்க ஓரத்தில் ஒரு புள்ளியை வைத்துப் பார்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. இதைக் குறுக்கு வழி என்று நினைத்து உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், உங்கள் ப்ளஸ் டூ புத்தகத்தின் தொகையிடல் பாடத் தொடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எதை வகையிட்டால் இது வரும் என்று யோசித்து விடை சொல்லும் 'இன்ஸ்பெக்ஷன்' முறைதான் அங்கே முதலில் நிற்கிறது. தொகையீடு என்பதன் வரையறையே அதுதான்.

பயிற்சிக்கு முந்தைய ஆண்டுக் கேள்விகளில் எல்லை போடாத தொகையிடல் கணக்குகளாக ஒரு இருபது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் எதையும் போட வேண்டாம். ஒவ்வொன்றின் ஆப்ஷன்களையும் பார்த்து, "நேராகத் தொகையிடலாம்", "ஒரே சாயல், வகையிடலாம்", "கெழு மட்டும் கேட்கிறது" என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு வாட்ச் வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்று. வகையிடலாம் என்று குறித்த கணக்கு ஒன்றில் 72 வினாடி தாண்டினால், எடுத்த புள்ளி என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் x = 2, x = 3 என்று பெரிய எண்ணை எடுத்திருப்பீர்கள், அல்லது பொதுக் காரணியை அடிக்காமல் வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். திரையில் இருக்கும் ஆப்ஷன்களை ரஃப் ஷீட்டில் பெயர்த்து எழுதும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பொதுச் சாயலை ஒரு வரி எழுதிவிட்டு, h-உம் h′-உம் மட்டும் அ, ஆ, இ, ஈ, உ என்று வரிசையாக எழுதினால் போதும்.